வகிட்டில் விழுந்த வெயில்

என் தலையில் மூன்று இடங்களில் இனி முடி முளைக்காது. ஒன்று உச்சியில், வகிட்டுக்கு வலப்பக்கம். இன்னொன்று அதற்கு நாலு விரல் பின்னால். மூன்றாவது நெற்றிமுடி தொடங்கும் இடத்தில், புளியங்கொட்டை அளவு. மூன்றின் நீள அகலமும் எனக்கு மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். நில அளவையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன், சிவகங்கைப் பக்கம். எதையும் அளந்து குறித்து வைப்பது கைப்பழக்கம்.

இந்த நோயின் பெயர் டிஸ்காய்டு லூபஸ். 'டிஸ்க்' என்றால் வட்டு. வட்டு வட்டாகத் தோலில் வருவதால் அந்தப் பெயர். லூபஸ் என்பதற்கு லத்தீனில் ஓநாய் என்று பொருள். 1851-இல் பாரிஸ் மருத்துவர் கசெனாவ் இந்தச் சிவந்த புண்களுக்கு அந்தப் பெயரை எழுதி வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. ஓநாய் கடித்துக் குதறியது போன்ற தழும்பு என்று விளக்கம் சொல்வார்கள். பெயர் பயமுறுத்தினாலும், பெரும்பாலானவர்களுக்கு இது தோலோடு நின்றுவிடும் நோய். ஆனால் தலையில் வந்தால் முடியின் வேரையே அழித்துவிட்டுத்தான் போகும். எனக்கு அது தெரிவதற்குள் பத்து மாதம் ஓடிவிட்டது.

2019 சித்திரையில் தொடங்கியது. உச்சியில் ஓரிடத்தில் அரிப்பு. வெயிலில் நின்றால் அரிப்போடு சுருக் சுருக்கென்று எரியும். விரலால் தடவினால் பக்கு மாதிரி தடித்திருக்கும். முதலில் பொடுகு என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் அந்த இடத்து முடி சீப்போடு வந்தது. தலைபின்னிவிட உட்கார்ந்த என் மாமியார்தான் முதலில் பார்த்தார். "ஏம்மா, புழுவெட்டு விழுந்திருக்கு" என்றார். அவர் சொன்னபடி சின்ன வெங்காயத்தை நறுக்கித் தினமும் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க எரிந்தது. எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள் இருவருமே நம்பினோம்.

புழுவெட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புழுவெட்டு விழுந்த இடம் வழவழவென்று இருக்கும். தோலின் நிறம் மாறாது, செதில் இருக்காது, உற்றுப் பார்த்தால் மயிர்க்கால் துளைகள் புள்ளி புள்ளியாக அப்படியே தெரியும். எனக்கு இருந்தது அப்படி இல்லை. தொடக்கத்தில் சிவப்பும் ஊதாவும் கலந்த தடிப்பு, மேலே ஒட்டிப்பிடித்த செதில். சில மாதங்களில் நடுப்பகுதி பள்ளமாகி, வெளுத்து, மினுமினுப்பானது. சுற்றி ஒரு கருப்பு வளையம். அந்த வெளுத்த நடுவில் துளையே இல்லை. உள்ளங்கைத் தோல் மாதிரி மூடிக்கிடந்தது.

அப்புறம் ஒரு மருந்துக்கடையில் காட்டினேன். படர்தாமரை என்று சொல்லி ஒரு கலவைக் களிம்பும் பூஞ்சை மாத்திரையும் கொடுத்தார்கள். அந்தக் களிம்பில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் சேர்ந்திருந்தது எனக்குத் தெரியாது. போட்ட இரண்டு வாரத்தில் சிவப்பு அடங்கியது. நிறுத்தினால் திரும்ப வந்தது. மறுபடி போட்டால் மறுபடி அடங்கியது. ஸ்டீராய்டுதான் அதை அரைகுறையாக அடக்கியது என்பது தெரியாமல், படர்தாமரைதான் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். இப்படி ஆடிக்கொண்டிருந்தபோதே பின்னால் இரண்டாவது வட்டும் வந்துவிட்டது.

2020 பிப்ரவரியில் மதுரையில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அறுபது வயதுக்குக் கிட்டத்தில் இருக்கும் அம்மா. தலையைக் காட்டினேன். அவர் தலையைப் பார்ப்பதற்கு முன்னால் என் காதைப் பிடித்துத் திருப்பினார். காதுமடலின் உள்கிண்ணத்தில், எண்ணெய் பிடித்த கரும்புள்ளி மாதிரி நாலைந்து அடைபட்ட துளைகள் இருந்தன. வருடக்கணக்காக அழுக்கு என்று நினைத்துத் துண்டால் தேய்த்த இடம் அது. பிறகு தலையில் ஒரு செதிலை இடுக்கியால் மெதுவாகத் தூக்கி, வெள்ளைக் காகிதத்தின்மேல் கவிழ்த்து வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். செதிலின் அடிப்புறத்தில் சின்னச் சின்ன முள் நீட்டிக்கொண்டிருந்தது. கம்பளத்தில் அடிக்கும் குட்டை ஆணிகளைத் தலைகீழாகப் பார்ப்பது போல. ஒவ்வொரு மயிர்க்கால் துளையையும் அடைத்துக்கொண்டிருந்த கெட்டியான பொருள்தான் அந்த முள். "இது பூஞ்சையில்ல, புழுவெட்டும் இல்லம்மா. லூபஸா இருக்கும்னு நினைக்கிறேன், சதை எடுத்துப் பார்த்துடுவோம்" என்றார்.

சதைப் பரிசோதனை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் நடுவில், வெளுத்த இடத்தில் எடுப்பார்கள் என்று நினைத்தேன். நோய் அங்கேதானே தெரிகிறது. அவர் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கியை வைத்துத் திரையில் காட்டினார். நடுவில் வெறும் வெள்ளை, துளையில்லாத மைதானம். ஓரத்தில், கருப்பு வளையத்தை ஒட்டி, மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். "நடுவுல சண்டை முடிஞ்சுபோச்சு. அங்க எடுத்தா வெறும் தழும்புன்னுதான் ரிப்போர்ட் வரும். ஓரத்துலதான் இன்னும் நடக்குது" என்றார். கலவைக் களிம்பை இரண்டு வாரம் நிறுத்தச் சொல்லிவிட்டு, மரத்துப்போகும் ஊசி போட்டு, ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு துண்டு எடுத்தார். ஒன்று நுண்ணோக்கியில் பார்க்க. இன்னொன்று தோலுக்குள் எதிர்ப்புப் புரதங்கள் படிந்திருக்கின்றனவா என்று தனிச்சாயம் போட்டுப் பார்க்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு தையல்தான். வலி பெரிதில்லை.

அறிக்கை வந்தபோது அவர் காகிதத்தில் ஒரு மயிர்க்காலை வரைந்து காட்டினார். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. முடியின் வேர் கீழே குமிழ் மாதிரி இருக்கிறது. அதற்கு மேலே, பாதிக்கும் மேலான உயரத்தில், பக்கவாட்டில் ஒரு சின்னப் புடைப்பு. புதிய முடியை உருவாக்கும் மூல அணுக்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. புழுவெட்டில் உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் கீழே உள்ள குமிழைத் தாக்குகின்றன. மேலே புடைப்பு பத்திரமாக இருப்பதால் பிற்பாடு முடி வந்துவிடும். லூபஸில் தாக்குதல் மேலே, அந்தப் புடைப்பைச் சுற்றியே நடக்கிறது. பயிரை ஆடு மேய்ந்தால் திரும்பத் துளிர்க்கும், விதைநெல்லே எரிந்துபோனால் எதை விதைப்பது என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் உடம்பு தழும்புத் திசுவை நிரப்பி மூடிவிடுகிறது.

ஆக, வெளுத்துப்போன நடுப்பகுதிக்கு எந்த எண்ணெயும் எந்த மருந்தும் முடியைத் திரும்பக் கொடுக்காது. கொடுக்கும் என்று விற்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். ஆனால் ஓரத்தில் சிவப்பாக, செதிலோடு, துளைகள் இன்னும் தெரிகிற பகுதி இருக்கிறதே, அது வேறு கதை. அங்கே மூல அணுக்கள் இன்னும் முழுதாகச் சாகவில்லை. அந்த நெருப்பைச் சீக்கிரம் அணைத்தால் முடி திரும்ப வரும். என் மூன்றாவது வட்டு, நெற்றி ஓரத்தில் இருப்பது, வந்த ஐந்தாவது வாரத்திலேயே மருந்து பார்த்தது. அதில் பாதி இடத்தில் முடி முளைத்துவிட்டது. உச்சியில் இருப்பது பத்து மாதம் வெங்காயமும் கலவைக் களிம்பும் பார்த்தது. அதில் ஒரு முடிகூட வரவில்லை.

மருந்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆளுக்கு ஆள் மாறும் என்பதால். சிவந்த இடத்தில் மட்டும் வீரியமான ஸ்டீராய்டுக் களிம்பு சில வாரம், பிறகு படிப்படியாகக் குறைப்பது. நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஓரத்தில் சின்ன ஊசியால் ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டைத் தோலுக்குள்ளேயே போடுவது. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு துளிதான், ஆனால் தலையில் குத்துவது நன்றாகவே வலிக்கும். அதிகமாகப் போட்டால் தோல் மெலிந்து குழி விழும், அதனால்தான் இடைவெளி. கூடவே ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை. மலேரியாவுக்கு வந்த மருந்து, லூபஸில் பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் கணக்கிடுவார்கள். நான் 60 கிலோ, அதனால் 300. இந்த மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும், இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். நீண்ட காலம் சாப்பிட்டால் விழித்திரையைப் பாதிக்க வாய்ப்பு உண்டு என்பதால் தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனை, ஐந்து வருடம் ஆனபின் வருடாவருடம். புகைபிடிப்பவர்களுக்கு இந்த நோய் கூடுதல் மூர்க்கமாக இருக்கும், சிகிச்சைக்கும் சரியாக மசியாது.

நான் மாத்திரை தொடங்கிய நேரம் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் இந்த மாத்திரை கொரோனாவைத் தடுக்கும் என்று செய்தி பரவி, தேவையில்லாதவர்கள் எல்லாம் வாங்கி வைத்தார்கள். கடைகளில் இல்லை. மாதக் கடைசியில் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று அரசு கெடுபிடி செய்த பிறகும் எனக்குக் கிடைக்கவில்லை. என் கணவர் ஊரடங்கில் சீட்டையும் அறிக்கையையும் கையில் வைத்துக்கொண்டு நான்கு ஊர் அலைந்து இரண்டு அட்டை வாங்கி வந்தார். அந்த இரண்டு அட்டையை நான் எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தமும் சிறுநீரும் பார்த்தார்கள். லூபஸ் தோலைத் தாண்டி மூட்டு, சிறுநீரகம் என்று உள்ளே போகிறதா என்று பார்ப்பதற்காக. கழுத்துக்குக் கீழேயும் வட்டுகள் வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். எனக்கு இதுவரை தோலோடு இருக்கிறது. சிறுநீரில் புரதம் போகிறதா என்று இப்போதும் பார்த்து வருகிறோம். விடாத மூட்டுவலி, கால் வீக்கம், காரணமில்லாத காய்ச்சல், வாய்ப்புண் வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் வரச் சொல்லியிருக்கிறார்.

இப்போது வெயிலுக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

மருத்துவர் முதல் நாளே வெயிலைத் தவிர்க்கச் சொன்னார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நம்பவில்லை என்பதுதான் உண்மை. பிறந்ததிலிருந்து வெயிலில் இருக்கிறேன், வேலையே வெயிலில். போதாததற்கு, வெயிலில் நின்ற அன்றைக்கு எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் எரியும், வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் ஊற்றினால் அடங்கிவிடும். மறுநாள் ஒன்றும் இருக்காது. அப்புறம் ஒருநாள் திடீரென்று, நான் வீட்டிலேயே இருந்த வாரத்தில், வட்டின் ஓரம் சிவந்து தடிக்கும். இதில் வெயில் எங்கே வந்தது?

இதை அவரிடமே கேட்டேன். "எந்தெந்த நாள் வெயில்ல நின்னீங்கன்னு எழுதி வச்சிருக்கீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் வேலையில் நாட்குறிப்பு கட்டாயம். எந்த நாளில் எந்தக் கிராமம், எந்தப் புல எண், எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடித்தது என்று எல்லாம் இருக்கும். கைப்பேசியில் என் கணவர் வாராவாரம் எடுத்த உச்சந்தலைப் படங்களும் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

2021 மாசியில் ஒரு உட்பிரிவு வேலை. பெரிய குடும்பச் சொத்து, ஐந்து பங்கு, ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லை. மூன்று நாள் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை வரப்பில் நின்றேன். கல் ஊன்றுவதற்குள் சண்டை, சண்டை தீர்வதற்குள் உச்சிவெயில். அந்த வாரப் படத்தில் தலையில் ஒன்றுமில்லை. அடுத்த வாரமும் இல்லை. மூன்றாம் நாளிலிருந்து எண்ணினால் பன்னிரண்டாவது நாள் எடுத்த படத்தில் உச்சி வட்டின் தென்மேற்கு ஓரம் சிவந்திருந்தது. அதற்கு முந்தைய சிவப்புக்கும் பின்னால் போய்ப் பார்த்தேன். ஒரு கண்மாய் ஆக்கிரமிப்பு அளவை, பதினான்கு நாள் முன்னால். இன்னொன்று, ஒன்பது நாள் முன்னால். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நீண்ட வெயில்நாள் இருந்தது.

லூபஸில் வெயிலின் விளைவு இப்படித்தான் தாமதமாக வரும் என்று பிறகு அவர் விளக்கினார். சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோல் அணுக்களைக் காயப்படுத்தும். எல்லோருக்கும் அது நடக்கிறது. செத்த அணுக்களை உடம்பு சத்தமில்லாமல் கூட்டிப் பெருக்கிவிடும். லூபஸ் உள்ளவர்களுக்கு அந்தக் குப்பையே எதிரியாகத் தெரிகிறது. சாகும் அணு உள்ளே வைத்திருந்த பொருள்கள் வெளியே தெரிய, எதிர்ப்பு அணுக்கள் அதைப் பார்த்து ஆபத்து என்று கூவி ஆள்சேர்க்கின்றன. இன்டர்ஃபெரான் என்ற புரதம்தான் அந்தக் கூவல். ஆள்சேர்ந்து படையாகி மயிர்க்காலைச் சுற்றி நிற்பதற்கு நாள்கணக்கில், சில சமயம் இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். வெயிலில் கறுத்துப் போவது அன்றைக்கே தெரியும். இது தெரியாது. அதனால்தான் என்னைப் போன்றவர்கள் வெயிலைச் சந்தேகிப்பதே இல்லை.

இன்னொரு கொடுமையும் இருக்கிறது. தலைக்கு முடிதான் குடை. முதல் வட்டில் முடி கொட்டியதும் அந்த இடம் நேராக வெயிலைப் பார்க்கிறது. வெயில் பட்டால் ஓரம் சிவக்கிறது, ஓரம் சிவந்தால் இன்னும் கொஞ்சம் முடி போகிறது, இன்னும் கொஞ்சம் இடம் வெயிலுக்குத் திறக்கிறது. என் முதல் வட்டு வகிட்டை ஒட்டித் தொடங்கியதும் அதனால்தானோ என்று இன்று நினைக்கிறேன். இருபது வருடமாக ஒரே இடத்தில் நேர்வகிடு எடுத்தவள் நான். இப்போது வாரத்துக்கு ஒருமுறை வகிட்டை மாற்றுகிறேன், இறுக்கிப் பின்னுவதில்லை. சொறிவது, இறுக்கி இழுப்பது, சூடான காற்றில் உலர்த்துவது போன்ற காயங்களும் புதிய வட்டைத் தூண்டக்கூடும்.

வெப்பத்தையும் புற ஊதாக் கதிரையும் நாம் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறோம், அதுதான் நான் செய்த பெரிய தவறு. மார்கழியில் குளிராக இருக்கிறது, மேகமாக இருக்கிறது என்று துணி கட்டாமல் போவேன். நம் ஊர் அட்சரேகையில் மார்கழி நண்பகலின் புற ஊதா அளவு லண்டனின் நடுக்கோடைக்குக் குறையாது. சித்திரை நண்பகலில் குறியீடு 11-ஐத் தாண்டிவிடும். அது அளவுகோலின் உச்சப் பிரிவு. மெல்லிய மேகம் வெப்பத்தைத் தடுக்கும் அளவுக்கு இந்தக் கதிரைத் தடுக்காது. அளவு கருவி இல்லாமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி: உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது. நீளமாக இருந்தால் குறைந்திருக்கிறது. களத்தில் நான் நிழலைப் பார்த்துத்தான் இப்போது வேலையை நிறுத்துகிறேன்.

வேலை நேரத்தை மாற்றினேன். இதை மேலதிகாரியிடம் கேட்பதற்கே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அளவை காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள், விட்டால் மாலை நாலுக்கு மேல். நடுவில் வரைபட வேலை. அலுவலகத்தில் என் மேசை ஜன்னலை ஒட்டி இருந்தது. கண்ணாடிதான் இருக்கிறதே என்று நினைத்தேன். சாதாரணக் கண்ணாடி புற ஊதா 'பி' கதிரை நிறுத்தும், 'ஏ' கதிரைப் பெருமளவு உள்ளே விடும். லூபஸுக்கு இரண்டுமே ஆகாது. பேருந்து ஜன்னலோர இருக்கையும் அப்படித்தான். மேசையை உள்சுவர்ப் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

தலைக்குத் துணி என்றால் எந்தத் துணியும் ஆகாது. முதலில் வெள்ளைப் பருத்தித் துண்டைக் கட்டினேன், குளிர்ச்சி என்று. வியர்வையில் நனைந்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். துவைத்துத் துவைத்து இழை விலகிய வெள்ளைத் துண்டு கதிரை நன்றாகவே உள்ளே விடும், நனைந்தால் இன்னும் மோசம். துணியை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊடே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது உதவாது. நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணி வேண்டும். நான் கருநீல முரட்டுப் பருத்தியில் இரண்டு முக்காடு தைத்து வைத்திருக்கிறேன், ஒன்று நனைந்தால் மாற்ற. அதன்மேல் சுற்றிலும் நாலு விரல் விளிம்பு உள்ள தொப்பி. முன்னால் மட்டும் விளிம்புள்ள தொப்பி காதை மறைக்காது. என் காதிலும் நோய் இருக்கிறது. குடை நல்லதுதான், ஆனால் வற்றிய கண்மாயின் வெளுத்த தரையிலிருந்தும் வானத்திலிருந்தும் சிதறி வரும் கதிர் பக்கவாட்டில் நுழைந்துவிடும். அதனால் குடை மட்டும் போதாது. எங்கள் சங்கிலி உதவியாளர் முதல் நாள், "மேடம், கல்யாணத்துக்குப் போற மாதிரி மூடிக்கிட்டு வர்றீங்க" என்றார். காரணத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து மரநிழல் எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கருவியை நிறுத்துவது அவர்தான்.

சன்ஸ்கிரீன் தலையில் போடுவது நச்சுப்பிடித்த வேலை. கெட்டியான கிரீம் முடியில் அப்பிக்கொள்ளும், ஜெல் அல்லது தண்ணீர்போன்ற லோஷன்தான் சரி. அட்டையில் எஸ்பிஎஃப் 30-க்கு மேல், முடிந்தால் 50 இருக்கட்டும். ஆனால் அந்த எண் 'பி' கதிருக்கானது. 'ஏ' கதிருக்கு, பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று அல்லது நாலு கூட்டல் குறி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெளுத்த தழும்பின்மேலும், அதைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கும், முடியை விலக்கி விலக்கித் தடவுகிறேன். முகம், கழுத்துக்குச் சேர்த்து ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கிய அளவு. நம்மில் பெரும்பாலோர் இதில் கால்வாசிதான் போடுகிறோம், அப்போது அட்டையில் போட்ட பாதுகாப்பு கிடைக்காது. வெளியே போக இருபது நிமிடம் முன்னால் ஒருமுறை, வியர்த்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. காதின் உள்கிண்ணத்தை மறந்துவிடாதீர்கள். இவ்வளவு வெயிலைத் தவிர்த்தால் வைட்டமின் டி குறையும். எனக்குக் குறைந்தது, மாத்திரை கொடுத்து ஏற்றினார்கள்.

தழும்பாகிவிட்டது, இனி என்ன பாதுகாப்பு என்று கேட்பவர்கள் உண்டு. வெளுத்த தழும்பில் நிறமி இல்லை. நம் கருந்தோல் நமக்குத் தரும் காவல் அந்த இடத்தில் மட்டும் கிடையாது. பல வருடம் வெயில் பட்ட பழைய லூபஸ் தழும்பில், கருப்பான தோல் உள்ளவர்களுக்கும், தோல் புற்றுநோய் வருவது மருத்துவர்கள் அறிந்த விஷயம். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் வந்தால் வேகமாகப் பரவக்கூடியது. தழும்பில் ஒரு மாதமாகியும் ஆறாத புண், கெட்டியான மேடு, தொட்டால் ரத்தம் கசியும் இடம் இருந்தால் களிம்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே சதை எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இது தொற்றாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு திருமண வீட்டில் என் சீப்பை எடுத்த பெண்ணின் கையிலிருந்து அவள் அம்மா அதைப் பிடுங்கி வைத்தார். நான் அறையைவிட்டு வந்து மண்டபத்துக்குப் பின்னால் நின்று அழுதேன். வீட்டுக்கு வந்ததும் மாமியார் என் தலையில் அவரே எண்ணெய் தேய்த்துவிட்டு, தன் சீப்பால் வாரி, மல்லிகையை வட்டு மறைகிற மாதிரி சாய்த்து வைத்துவிட்டார். வெங்காயம் தேய்க்கச் சொன்னதற்காக அவர் இன்றும் வருந்துகிறார். நான் அவரைக் குறை சொன்னதே இல்லை, அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

முடி நடுவது பற்றி மருத்துவரிடம் கேட்டேன். நோய் குறைந்தது ஓரிரு வருடம் அசையாமல் இருந்தால்தான் யோசிக்கலாம், அப்போதும் ஊசி பட்ட காயமே நோயை எழுப்பிவிடலாம் என்றார். இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒளிபுகும் தாளைத் தலையில் வைத்து வட்டின் விளிம்பைப் பேனாவால் வரையச் சொல்வேன், என் கணவரிடம். தாள்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்போம். புலப்படங்களை ஒப்பிடுவது போலத்தான். 2020-லிருந்து 2021 வரை வரைந்த கோடுகள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக விரிந்துகொண்டே போயின. வேலைநேரம் மாற்றி, முக்காடு கட்டிய பிறகு வரைந்தவை அநேகமாக ஒரே கோட்டில் விழுகின்றன. போன வாரம் வரைந்ததும் அதே கோட்டில்தான் விழுந்தது: உச்சி வட்டு, நீளம் 34 மில்லிமீட்டர், அகலம் 27.